பழைய வீணை வாங்கப்போறீங்களா? தட்டிப் பார்த்து விலை பேசுங்க!

விருத்தாசலத்தில் எங்கள் சித்தி 46 வயதில் வீணை கிளாஸில் சேர்ந்தார். முதல் இரண்டு மாதம் டீச்சர் வீட்டு வீணையிலேயே ஓடியது. அதற்கப்புறம், "வீட்டுல சாதகம் பண்ணலைன்னா விரல் வராதும்மா. பழசா ஒண்ணு பாருங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் வீணை விற்பனைக்கு இருப்பதும் தெரியவந்தது. காலமான பாட்டி வாசித்த வீணை. பதினைந்து வருஷமாக உறை போட்டு பீரோ மேல் இருந்திருக்கிறது. அந்த வீட்டு அக்கா கேட்ட விலை 40,000 ரூபாய். "ஐம்பது வருஷத்துப் பொருள், ஏகாந்த வீணை, அசல் தஞ்சாவூர்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னார். ஆனால் அந்த மூன்று வார்த்தைகளில் எது விலையை ஏற்றும், எது ஏற்றாது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. கிடாரோ கீபோர்டோ என்றால் மாடல் நம்பரைப் போட்டுப் புது விலையைப் பார்த்துவிடலாம். வீணைக்கு மாடல் நம்பரே கிடையாது. ஒவ்வொன்றும் கையால் செதுக்கியது. அதனால் அதன் உடம்பைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று அந்த ஒரு வீணையை வைத்தே சொல்கிறேன், வாங்க.

'தஞ்சாவூர்' என்ற பெயருக்கு என்ன மதிப்பு?

வீணை உலகில் பிராண்டு என்றால் முதலில் ஊர், அடுத்து செய்தவர். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்றாக முதிர்ந்த பலா மரத்தில் செய்வதுதான் அதன் அடையாளம். அந்த மரம் பெரும்பாலும் நம்ம பண்ருட்டிப் பக்கத்திலிருந்துதான் தஞ்சாவூருக்குப் போகிறது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டு மரம்!

ஆனால், 'தஞ்சாவூரில் வாங்கினது' என்பதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கைமாறுகிற பழைய வீணைகளில் நிறைய தஞ்சாவூர் வீணைகள்தான். செய்தவர் பெயர் உடம்பில் எங்காவது பொறித்தோ, சீட்டாக ஒட்டியோ இருந்தால், அல்லது வாங்கிய ரசீது இருந்தால், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்தக் குடும்பம் இன்றும் தொழிலில் இருந்தால் பழுது பார்க்க அவர்களிடமே கொடுக்கலாம். பெயரும் இல்லை, ரசீதும் இல்லை என்றால், 'தஞ்சாவூர்' என்பதை ஒரு தகவலாகக் கேட்டுக்கொள்ளுங்க, அவ்வளவுதான்.

ஏகாந்தமா, ஒட்டா?

விலையில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். வீணைக்கு மூன்று பாகம்: உருண்டையான குடம், நீளமான தண்டி, முனையில் யாளி முகம். மூன்றையும் ஒரே மரத்துண்டில் குடைந்து செய்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்குப் பெரிய மரம் வேண்டும், வேலையும் அதிகம், அதனால் புதிதிலேயே விலை கூடும். ஒட்டு வீணை மட்டமானது என்று அர்த்தமில்லை. கற்றுக்கொள்கிறவர்களில் பலர் அதில்தான் வாசிக்கிறார்கள். ஒட்டு வீணைக்கு ஏகாந்தத்தின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

கண்டுபிடிக்க, வீணையை மெத்தையில் மெதுவாகக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்க. மேல்பக்கத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. குடத்தின் மேலும் தண்டியின் மேலும் மூடுகிற பலகை ஏகாந்தத்திலும் தனியாகச் செய்து ஒட்டியதுதான். அந்தக் கோட்டைப் பார்த்து 'ஒட்டு வீணை' என்று சொன்னால் விற்கிறவர் சிரிப்பார். அடிப்பக்கத்தில் குடமும் தண்டியும் சேரும் கழுத்தில் மர ரேகை எப்படி ஓடுகிறது என்று பாருங்க. ஏகாந்தத்தில் ரேகை குடத்திலிருந்து தண்டிக்கு உடையாமல் வழிந்து போகும். ஒட்டு வீணையில் அந்த இடத்தில் ரேகை வெட்டுப்பட்டு, வேறு திசையில் அல்லது வேறு நிறத்தில் மறுபடி தொடங்கும். அந்த இடத்தை ஒரு அலங்காரப் பட்டை மறைத்திருந்தால், பட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ரேகையை ஒப்பிடுங்க. தடிமனாகப் புது பாலிஷ் போட்டு ரேகையே தெரியாமல் இருந்தால், ஒட்டு வீணை என்றே கணக்கு வையுங்க. நிரூபிக்க வேண்டியது விற்கிறவர் பொறுப்பு.

எங்கள் விஷயத்தில் டார்ச் அடித்த அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கழுத்துக்கு மேலே மஞ்சள் கலந்த பழுப்பு, கீழே அடர்பழுப்பு, நடுவில் நேர்க்கோடு. ஒட்டு வீணை. அந்த அக்காவே குனிந்து பார்த்துவிட்டு, "பாட்டி ஏகாந்தம்னுதானே சொல்லிட்டிருந்தாங்க..." என்றார், கொஞ்சம் வருத்தமாக.

செராமிக் சித்தப்பாவின் காது

கூட வந்த சித்தப்பாவுக்கு வீணையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்த்தவர். சூளையிலிருந்து வந்த பீங்கானை விரலால் சுண்டிப் பார்த்தே நல்லதையும் விரிசலையும் பிரிப்பார். "வெந்த சத்தம் வேற, விரிஞ்ச சத்தம் வேறம்மா" என்று சொல்லிக்கொண்டே குடத்தைச் சுற்றி விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தார்.

வீணைக்கும் இதுதான் சரியான சோதனை. மரம் பீங்கான் மாதிரி கணீரென்று ஒலிக்காது. நீங்கள் கேட்க வேண்டியது சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதைத்தான். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு வீதம் குடத்தைச் சுற்றி வாங்க, அடுத்து மேல்பலகை, அடுத்து தண்டி. ஒரு இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனாலோ, 'டர்ர்' என்று அதிர்ந்தாலோ அங்கே விரிசல் இருக்கலாம் அல்லது ஒட்டு விட்டிருக்கலாம். தட்டும்போது தந்திகளை ஒரு துணியால் அமுக்கிப் பிடிங்க. இல்லையென்றால் தந்தியின் அதிர்வு உங்களை ஏமாற்றும்.

விரிசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறும். மேல்பலகையின் ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் கைவினைஞர் மறுபடி ஒட்டிவிடுவார், பெரிய செலவில்லை. குடத்தின் சுவரில் ரேகையோடு ஓடும் விரிசல் என்றால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். கழுத்து ஒட்டிலேயே விரிசல் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆரம்பநிலையில் இருப்பவர் வாங்க வேண்டாம். ஏழு தந்திகளின் இழுவிசையையும் தாங்குகிற இடம் அது.

சித்தப்பாவின் விரல் மேல்பலகையின் இடது ஓரத்தில் நின்றது. நான்கு விரல்கடை நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. குடத்தில் எதுவும் இல்லை, கழுத்தும் உறுதி. இதோடு சின்ன ஓட்டைகளும், அதன் அடியில் மாவு போலத் தூளும் இருக்கிறதா என்றும் பாருங்க. தூள் புதிதாக இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

தண்டி வளைந்திருக்கிறதா? மெழுகைக் கேளுங்க

வீணையில் 24 மெட்டுகள். வெண்கலத்தில் அல்லது பித்தளையில் செய்த இந்த மெட்டுகளை நேரடியாக மரத்தில் அடிப்பதில்லை. தேன்மெழுகோடு கரி போன்றவற்றைக் கலந்து, தண்டியின் இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கரை கட்டி, அதன்மேல் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். மெழுகு என்பதால் இது நிரந்தரம் இல்லை. வெயிலில் இளகும், வருஷக்கணக்கில் காய்ந்தால் வெடிக்கும், மெட்டு ஆடும். ஒழுங்காக வாசிக்கும் வீணைக்கே சில வருஷத்துக்கு ஒரு முறை மேளம் புதுசாகக் கட்ட வேண்டும். ஆகவே, மெழுகு வெடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீங்க. வண்டிக்கு டயர் மாற்றுகிற மாதிரி, செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டால் போதும்.

பயப்பட வேண்டியது தண்டி வளைவுக்குத்தான். தந்திகளைத் தளர்த்தாமல் பல வருஷம் வைத்திருந்தால், இழுப்பில் தண்டி மெல்ல மேல்நோக்கி வளையும். குடத்தின் பக்கம் கண்ணை வைத்து, தண்டியின் ஓரத்தோடு யாளி வரை நேராகப் பாருங்க. நூல் பிடித்த மாதிரி போக வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்டி வளைந்த வீணையிலும் மெட்டுகளை மட்டும் சமமாகக் காட்ட முடியும். ஒரு இடத்தில் மெழுகைத் தடிமனாகவும் இன்னொரு இடத்தில் மெல்லிசாகவும் வைத்துச் சரிக்கட்டிவிடலாம். அதனால் மெட்டை மட்டும் பார்க்காமல் மெழுகுக் கரையின் உயரத்தையும் பாருங்க. பக்கவாட்டில் அது சீராகப் போனால் நல்லது. நடுவில் திடீரென்று உயர்ந்து மறுபடி தாழ்ந்தால், அடியில் மரம் வளைந்திருக்கலாம். அப்படிப்பட்ட வீணையை ஒரு கைவினைஞர் பார்க்காமல் வாங்காதீங்க.

அடுத்து மெட்டுகளின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்க. சாரணி எனும் முதல் தந்தி படும் இடத்தில் பள்ளம் இருக்கும். லேசான பள்ளத்தை அரம் போட்டுச் சமன் செய்யலாம். நகம் மாட்டிக்கொள்கிற அளவு ஆழம் என்றால் அந்த மெட்டை மாற்ற வேண்டியிருக்கும். குதிரையின் மேலிருக்கும் உலோகத் தகட்டிலும் இதே மாதிரி தந்தித் தடம் விழும். அதையும் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால், குதிரைக்கு அடியில் மேல்பலகை பள்ளமாக அமுங்கியிருக்கிறதா என்று ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்துப் பாருங்க. அது தேய்த்துச் சரியாகிற விஷயம் இல்லை.

வாசிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை

போனில் ஒரு ட்யூனர் ஆப் போதும். சாரணித் தந்தியை எங்கும் அமுக்காமல் மீட்டுங்க. அது ஸட்ஜமம். திரையில் ஓர் எழுத்து வரும், உதாரணமாக E. அதே தந்தியை 12-வது மெட்டில் அமுக்கி மீட்டினால் அதே எழுத்து, மேல் ஸ்தாயியில் வர வேண்டும். 7-வது மெட்டில் பஞ்சமம், அதாவது B வர வேண்டும். முள் கொஞ்சம் தள்ளினால் மேளம் கட்டினால் சரியாகிவிடும். அழுத்தும்போது தந்தி பக்கவாட்டில் விலகினாலும் முள் தள்ளும், அதனால் இரண்டு மூன்று தரம் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: பல வருஷம் தளர்வாகக் கிடந்த வீணையை அந்த இடத்திலேயே முழு சுருதிக்கு முறுக்காதீங்க. பழைய தந்தி அறுந்து முகத்தில் அடிக்கலாம், பழைய ஒட்டும் விடலாம். இரண்டு மூன்று சுரம் இறக்கியே வைத்துச் சோதியுங்க. மேலே சொன்ன கணக்கு எந்த சுருதியிலும் பொருந்தும். பிரடையைத் திருப்பும்போது நிற்காமல் நழுவினால் கவலைப்பட வேண்டாம், அது சின்ன வேலை. தண்டிக்குக் கீழே இருக்கும் சுரைக்குடுக்கை நசுங்கியிருந்தாலும் அப்படித்தான். தனியாகக் கழற்றி மாற்றலாம். விற்கிறவர்கள் அதற்காகக் கூச்சப்படுவார்கள், வாங்குகிறவர்கள் அதைக் காட்டி விலையைப் பாதியாக்கப் பார்ப்பார்கள். இரண்டுமே தேவையில்லை.

தந்தியே இல்லாத வீணை என்றால் சுருதியைச் சோதிக்க வழியில்லை. அப்போது முழு மேளச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்க.

வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் நில்லுங்க

பழைய வீணையின் ஓரங்களிலும் குடத்தைச் சுற்றியும் வெள்ளை அலங்காரப் பட்டைகள் இருக்கும். இன்று அது பிளாஸ்டிக். ஆனால் பழைய காலத்தில் யானைத் தந்தத்திலும் மான் கொம்பிலும் செய்வார்கள். "தந்தம் வெச்ச வீணை" என்று யாராவது விலையை ஏற்றிச் சொன்னால், அது விலையைக் கூட்டுகிற விஷயம் இல்லை, வியாபாரத்தையே நிறுத்துகிற விஷயம்.

1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் காரணம். 1986-ல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991-ல் வந்த திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் தடை செய்தன. மான் கொம்பும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டில் வைத்துக்கொள்ள உரிமைச் சான்றிதழ் வாங்கியிருந்தாலும், அதை விலைக்கு விற்க முடியாது. 'எங்க பாட்டி வீணைதானே' என்ற பதில் செல்லாது. வாங்குகிறவருக்கும் சிக்கல்தான்.

பிளாஸ்டிக் பட்டை வழவழவென்று ஒரே நிறமாக, எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கும். தந்தத்தில் வெட்டு முனையில் மெல்லிய குறுக்குக் கோடுகள் பின்னியது போலத் தெரியும். பட்டை மெல்லிசாக இருப்பதால் வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்வது கஷ்டம். சூடான ஊசியை வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதை நிறுத்தி, வனத்துறை அலுவலகத்தில் கேளுங்க. எங்கள் வீணையில் ஒரு பட்டை ஏற்கெனவே உடைந்திருந்தது. உள்ளேயும் வெளியேயும் ஒரே வெள்ளை, பின்னால் அச்சில் வார்த்த கோடு. பிளாஸ்டிக். எல்லோருக்கும் நிம்மதி.

இப்போ கணக்குப் போடலாம்

நாங்கள் செய்த கணக்கு இது. தொகைகள் அந்த ஒரு வீணைக்கு, எங்களுக்குச் சொல்லப்பட்டவை. நீங்கள் உங்கள் ஊரில், உங்கள் கைவினைஞரிடம் கேட்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்க. கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி, அதே வகைப் புது வீணையின் விலை. ஏகாந்தத்தோடு ஏகாந்தம், ஒட்டோடு ஒட்டு என்றுதான் ஒப்பிட வேண்டும். டீச்சருக்குத் தெரிந்த கைவினைஞர் புது ஒட்டு வீணைக்கு 30,000 ரூபாய் சொன்னார்.

இரண்டாவது படி, உடம்பு நன்றாக இருக்கும் பழைய வீணைக்கு எத்தனை பங்கு? நாங்கள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை என்று வைத்துக்கொண்டோம். தண்டி நேர், குடம் உறுதி, கழுத்து உறுதி என்பதால் 60 சதவிகிதம். அதாவது 18,000.

மூன்றாவது படி, வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழிக்க வேண்டும். போட்டோவும் வீடியோவும் அனுப்பிக் கேட்டதில், மேளம் கட்ட 4,500, பலகை ஒட்ட 1,000, குதிரைத் தகடு தேய்த்து முழு தந்தி செட் மாற்ற 1,000, வண்டியில் கொண்டுபோய் எடுத்துவர 1,500 என்று வந்தது. மொத்தம் 8,000. பதினெட்டில் எட்டு போனால் 10,000 ரூபாய்.

'ஐம்பது வருஷப் பழசு' என்பதற்கு நாங்கள் எதுவும் கூட்டவில்லை. பழைய மரத்தின் நாதத்தை விரும்புகிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அது தந்தி போட்டு மீட்டிக் கேட்டால் மட்டுமே தெரிகிற குணம். வயதுக்காக மட்டும் பணம் கொடுக்க முடியாது.

40,000 கேட்டவரிடம் 10,000 என்று எப்படிச் சொல்வது? சித்தி இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அந்த அக்கா கையிலேயே கொடுத்துவிட்டார். "நீங்களும் நாலு இடத்துல கேட்டுப் பாருங்க அக்கா, அவசரமில்லை" என்றார். நான்கு நாள் கழித்து அக்காவே போன் செய்தார். அவரும் தஞ்சாவூருக்குப் பேசியிருக்கிறார். மேளச் செலவு அவருக்கும் அதே அளவுதான் சொல்லப்பட்டிருக்கிறது. "வெளிய ஒரு வியாபாரி 6,000-க்குக் கேட்டாரு. நீங்க வாசிக்கப் போறீங்க. 12,000 போட்டுக் கொடுங்க" என்றார். சித்தி ஒத்துக்கொண்டார்.

விற்கிற பக்கம் நீங்கள் இருந்தாலும் இதே தாள் உதவும். விலை சொல்வதற்கு முன்னால் கழுத்து, குடம், மெழுகு மூன்றையும் பார்த்துவிட்டால், வியாபாரி சொல்லும் 6,000 எவ்வளவு குறைவு என்றும் தெரியும், நீங்கள் நினைத்த 40,000 எவ்வளவு அதிகம் என்றும் தெரியும்.

கொண்டுவரும்போது ஒன்றை மறக்காதீங்க. தந்திகளைத் தளர்த்தி, உறையில் போட்டு, குடம் அடிபடாமல் மெத்தை வைத்து எடுத்து வாங்க. வெயிலில் நிற்கும் பூட்டிய காரில் வீணையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீங்க. அன்றைக்குக் கட்டிய மேளமாக இருந்தாலும் மெழுகு இளகி மெட்டு சாய்ந்துவிடும். எங்கள் சித்தி தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது வழியில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன், எனக்குப் பார்சல் வாங்கிட்டு வாங்க" என்று சித்தப்பாவை அனுப்பிவிட்டார்.